ஒன்பது என்ன?

அக்கா மகள் மாதிரித் தேர்வுத் தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். ‘எ ஸ்டிச் இன் டைம் சேவ்ஸ்...’ என்று விட்டிருந்த இடத்தில் ‘நைன்’ என்று பளிச்சென்று எழுதியிருந்தாள். முழு மதிப்பெண். அடுத்த கேள்வி, இந்தப் பழமொழி சொல்லும் நீதி எது? அதில் ‘நேரம் பொன்னானது, வீணாக்காதே’ என்பதற்கு டிக். சுழி.

“டைம் இருக்கு, சேவ் இருக்கு, அப்போ நேரத்தை மிச்சம் பண்ணுன்னுதானே மாமா அர்த்தம்?” என்றாள்.

“சரி, நைன்னு எழுதினியே, ஒன்பது என்ன?”

முழித்தாள்.

ஒன்பது தையல். அந்த வாக்கியத்தில் மிச்சமாவது நேரமே இல்லை, தையல்தான். சட்டையில் சின்னதாக ஒரு கிழிசல். அன்றைக்கே ஒரு தையல் போட்டால் முடிந்தது கதை. விட்டுவிட்டால் போடும்போதும் கழற்றும்போதும் இழுபட்டு நீண்டுகொண்டே போகும். ‘இன் டைம்’ என்றால் காலம் கடப்பதற்குள். நகத்தால் கிள்ள வேண்டியதைக் கோடாலி எடுக்கும்வரை விடாதே என்கிறோமே, அதேதான்.

மற்ற மூன்று விடைகளையும் பாருங்கள். ‘தையல் தெரிந்தால் செலவு மிச்சம்’ என்பது சொல்லை அப்படியே பிடித்துக்கொள்பவருக்கான வலை. ‘அவசரப்பட்டால் காரியம் கெடும்’ என்பது நல்ல புத்திமதிதான், ஆனால் வேறொரு பழமொழிக்கு உரியது. ‘சிறு கோளாறை உடனே சரிசெய்தால் பெரிய தொல்லை வராது’ என்ற சரியான விடையிலோ தையலும் இல்லை, நேரமும் இல்லை, ஒன்பதும் இல்லை. பழமொழியில் வரும் சொல்லைத் தவறான விடையில் தூவி வைப்பது கேள்வி எடுப்பவர்களின் பழைய வித்தை. அதனால் விடைகளைக் கையால் மூடிக்கொண்டு, யார் என்ன செய்தார், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று சொந்த வார்த்தையில் சொல்லிப் பார்த்துவிட்டுக் கையை எடு என்றேன்.

கோடிட்ட இடம் நிரப்புவதிலும் இந்தக் குருட்டு மனப்பாடம் காலை வாரும். ‘பேர்ட்ஸ் ஆஃப் எ ஃபெதர்’ என்றதும் பறவைதானே என்று ‘ஃப்ளை’ போடுவார்கள். வேண்டியது ‘ஃப்ளாக்’, அதாவது கூட்டமாகச் சேர்வது. ஒரே இனம் ஒன்றுசேரும் என்பதுதான் பொருள். பறப்பதைப் பற்றி அங்கே பேச்சே இல்லை.

எனக்கு உண்மையில் கோபம் வருவது ‘ரோலிங் ஸ்டோன் கேதர்ஸ் நோ மாஸ்’ கேள்வியில்தான். ஆங்கில எழுத்தாளர் ஜான் ஹேவுட் 1546இல் வெளியிட்ட பழமொழித் தொகுப்பிலேயே இருக்கும் பழமொழி. உருண்டுகொண்டே இருக்கும் கல்லில் பாசி ஒட்டாது. பாசியைச் சேமிப்பாக எடுத்துக்கொண்டால், ஓரிடத்தில் நிலைக்காதவன் எதையும் சேர்க்கமாட்டான் என்று பொருள். தேர்வுகளில் வழக்கமாகக் கேட்பது இதைத்தான். பாசியை அழுக்காக எடுத்துக்கொண்டால், ஓடிக்கொண்டே இருப்பவன் துருப்பிடிக்கமாட்டான். இன்று அப்படிப் புரிந்துகொள்பவர்களும் ஏராளம். ஏதாவது ஒரு விடையை மட்டும் வைத்தால் தொல்லை இல்லை. அல்லது பழமொழி வரும் சூழலை இரண்டு வரியில் கொடுக்கலாம். ஒன்றும் செய்யாமல் இரண்டையும் விடைகளாக வைத்துவிட்டு ஒன்றுக்குச் சுழி போடுவது என்ன நியாயம்?

அந்தத் தாளில் அப்படித்தான் வைத்திருந்தார்கள். பாசியை அழுக்கென்று நினைத்து அவள் போட்டிருந்த டிக்கை நான் திருத்தவில்லை.