தொகையை மட்டும் எழுதி வைத்தால் யாரைக் கணக்குக் கேட்பது?

கப்பலூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையின் மனிதவளப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வேலையை விட்டுப் போனவர்களின் செட்டில்மெண்ட் கடிதங்களை எல்லாம் படித்து, எல்லாருக்கும் ஒரே முறையில்தான் கொடுத்திருக்கிறோமா என்று ஒப்பிட ஓர் அட்டவணை கேட்டார்கள். அதில் பெயர், கடைசி வேலை நாள், பணிக்கொடைத் தொகை என்று மூன்றே பத்திகளை வைத்துவிட்டு, ஒப்பீடு முடிந்தது என்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

மூன்று கடிதங்களைச் சொல்கிறேன். மூவருக்கும் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 15,600 ரூபாய். மூவரும் 8 ஆண்டு 7 மாதம் வேலை செய்தவர்கள். பணிக்கொடைக்கு மாதச் சம்பளத்தை 26 ஆல் வகுத்து, ஆண்டுக்கு 15 நாள் வீதம் கணக்கிட வேண்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் முழு ஆண்டாகச் சேரும். எனவே ஒரு நாளுக்கு 600, ஆண்டுக்கு 9,000, ஒன்பது ஆண்டுக்கு 81,000. முதல் கடிதத்தில் இதே தொகைதான் இருக்கிறது. நோட்டீஸ் சம்பளமும் விடுப்பு ஊதியமும் தனி வரிகளில் உள்ளன.

இரண்டாவது கடிதம், "அனைத்து நிலுவைகளும் சேர்த்து 1,05,000" என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. தட்டச்சு செய்தவர் அந்தத் தொகையை அப்படியே பணிக்கொடைப் பத்தியில் போட்டுவிட்டார். உடனே, இவருக்கு ஏன் அதிகம் கொடுத்தோம் என்று என்னிடம் விளக்கம் கேட்கிறார்கள்! அலமாரியில் இருந்த கணக்குத் தாளை எடுத்துப் பார்த்தால், பணிக்கொடை 81,000, ஒரு மாத நோட்டீஸ் சம்பளம் 15,600, பதினான்கு நாள் விடுப்புக்கு 8,400. ஒரு ரூபாய் கூட அதிகம் இல்லை.

மூன்றாவது கடிதத்தில் 70,200 என்றிருக்கிறது. முழு எட்டு ஆண்டுக்கு 72,000 வரும், கிட்டத்தட்ட அதுதான் என்று யாரோ நினைத்து டிக் அடித்திருக்கிறார்கள். ஒன்பதால் வகுத்துப் பாருங்கள், 7,800 வரும். அதைப் பதினைந்தால் வகுத்தால் 520. அதாவது 15,600 ஐ 26 க்குப் பதில் 30 ஆல் வகுத்திருக்கிறார்கள். அந்த மனிதருக்கு 10,800 ரூபாய் குறைந்திருக்கிறது, நம் அட்டவணையோ அவரை "சரி" என்கிறது.

கடிதத்திலிருந்து தொகையை மட்டுமல்ல, அந்தத் தொகை எந்தச் சம்பளத்தின் மேல், எத்தனை ஆண்டுக்கு, எதனால் வகுத்து வந்தது என்பதையும், அதைச் சொல்லும் வாசகத்தைக் கடிதத்தில் உள்ளபடியேயும், பக்க எண்ணோடு எடுக்க வேண்டும். கடிதத்தில் இல்லாததற்கு "கடிதத்தில் இல்லை" என்று எழுதுங்கள். வெற்றுக் கட்டத்தை விட்டால், கடிதத்தில் இல்லையா, படித்தவர் பார்க்கவில்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? இதை நான்கு முறை சொல்லியும், பத்திகள் கூடினால் வேலை இழுக்கும் என்றே பதில் வருகிறது.

"இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரிக்குக் கீழே அந்த மூன்றாவது மனிதர் கையெழுத்துப் போட்டிருப்பதையும் சுட்டிக்காட்டுகிறார்கள். கையெழுத்துப் போட்டதால் சட்டப்படி வர வேண்டிய பணிக்கொடை குறைந்துவிடாது. திருமங்கலத்தில் இருக்கும் அவர் வீட்டு முகவரி கடிதத்தின் மேலேயே இருக்கிறது. நாளைக்கே அந்த 10,800 ரூபாய்க்குக் குறிப்பு எழுதி மேலாளர் மேசையில் வைக்கப் போகிறேன்.