"பொதுவில்தானே இருந்தது, சார்"

கடந்த வாரம் என் பதிவின் கீழ் நடந்த வாக்குவாதத்தைப் பார்த்தவர்களுக்கு முழுக்கதையையும் மறுபடி சொல்லத் தேவையில்லை. டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் தங்கள் அனுபவங்களை எழுதும் எங்கள் சிறிய தளத்திலிருந்து, ஒரு மாணவர் தம் இறுதியாண்டு புராஜெக்டுக்காக எல்லாக் கருத்துகளையும் நிரல் வைத்து அள்ளி, பெயர், ஊர், தேதியோடு ஒரே கோப்பாக, நிரல்களை எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் கிட்ஹப் தளத்தில் ஏற்றிவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "பொதுவில்தானே இருந்தது, சார்" என்றார். அந்தப் பதிலுக்கு விழுந்த இதயக்குறிகளைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

பொதுவில் இருப்பது வேறு, எடுத்துக்கொள்ள அனுமதி இருப்பது வேறு. டயாலிசிஸ் ஊசி குத்த ஃபிஸ்டுலா போட்ட கை வீங்கியதையும், ஒரு நாளுக்கு அளந்து கொடுத்த தண்ணீரை மாலைக்குள் குடித்துத் தீர்த்துவிட்டு இரவெல்லாம் தவித்ததையும் ஓர் அம்மா எழுதினார் என்றால், அது அதே நிலையில் இருக்கும் இன்னொருவர் படிப்பதற்காக. அந்தக் கோப்பில் அவர் பெயருக்கு நேரே `negative` என்று ஒரு முத்திரை இருக்கிறது. உணர்வுப் பகுப்பாய்வாம்.

எங்கள் தளத்தின் `robots.txt` கோப்பில் இருந்தது இவ்வளவுதான்:

```
User-agent: *
Disallow: /anubavam/
```

எந்த நிரலும் அனுபவப் பக்கங்களுக்குள் வர வேண்டாம் என்பதே இதன் பொருள். பயன்பாட்டு விதிமுறையிலும் மொத்தமாக நகலெடுக்க முன் அனுமதி வேண்டும் என்று எழுதி, கீழே மின்னஞ்சல் முகவரியும் கொடுத்திருந்தோம். பைத்தானின் `requests` நூலகம் இந்தக் கோப்பைத் தானாகப் பார்க்காது; எழுதுபவர்தான் பார்க்க வேண்டும். சர்வர் பதிவேட்டில் `python-requests` என்ற இயல்புநிலைப் பெயர்தான் இருந்தது. யார், எதற்காக வருகிறார் என்பதற்கு ஒரு முகவரிகூட இல்லை. இரண்டு கோரிக்கைகளுக்கு நடுவே ஒரு நொடி இடைவெளிகூட விடாததால், மலிவான பகிர்வு சர்வரில் ஓடும் தளம் திணறி, சேவை கிடைக்கவில்லை என்ற `503` பிழையைக் காட்டத் தொடங்கியது. நிரலோ ஓய்வெடுக்காமல் மீண்டும் மீண்டும் தட்டியது. அன்றிரவு தளம் திறக்கவில்லை என்று எனக்குத் தொலைபேசியில் சொன்னவர்கள் நோயாளிகள்.

"`robots.txt` சட்டமா?" என்று கேட்டார் ஒரு நண்பர். இல்லை. அதன் 2022ஆம் ஆண்டுத் தர ஆவணமான RFC 9309, இந்த விதிகள் அணுகல் அனுமதி வழங்கும் முறை அல்ல என்று தானே சொல்லிவிடுகிறது. ஆனால் வேண்டாம் என்று எழுதி வைத்ததை மதிக்கச் சட்டம் வந்து நிற்க வேண்டுமா? லிங்க்டுஇன் பக்கங்களிலிருந்து தரவு திரட்டிய ஹைக்யூ நிறுவனம் லிங்க்டுஇன் மீது தொடுத்த வழக்கைக் காட்டியவர்களும் பாதியைத்தான் காட்டினார்கள். பொதுப்பக்கங்களைத் திரட்டுவது அமெரிக்கக் கணினி ஊடுருவல் சட்டத்தை மீறுவதாகத் தெரியவில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022 ஏப்ரலில் சொன்னது உண்மை. அதே ஆண்டு நவம்பரில், ஹைக்யூ பயன்பாட்டு ஒப்பந்தத்தை மீறியது என்று கீழ் நீதிமன்றம் சொன்னதும் உண்மை. அதை ஏனோ எவரும் பகிரவில்லை.

"பெயரை நீக்கிவிட்டால் போதாதா?" நியாயமான கேள்விதான், ஆனால் போதாது. கருத்தில் ஒரு வரியை அப்படியே எடுத்து எங்கள் தளத்தின் பக்கங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூலப்பக்கமும் எழுதியவர் பெயரும் வந்து நிற்கும். 2016இல் டென்மார்க்கில் ஒரு மாணவரும் அவருடைய கூட்டாளிகளும் ஓகேகியுபிட் என்ற டேட்டிங் தளத்தின் ஏறத்தாழ 70,000 பயனர்களின் விவரங்களைத் திரட்டி வெளியிட்டார்கள். அவர்கள் சொன்ன சமாதானமும் இதேதான்: ஏற்கெனவே பொதுவில் இருந்தது. தளம் பதிப்புரிமைப் புகார் கொடுத்த பிறகே அந்தத் தொகுப்பு நீக்கப்பட்டது. பத்தாண்டுகள் ஆகியும் சாக்கு மாறவில்லை.

"சின்னப் பையன், மதிப்பெண்ணுக்காகச் செய்தான்" என்கிறீர்கள். சரி, அவரை விடுங்கள். வழிகாட்டிப் பேராசிரியர் எங்கே போனார்? தரவு எத்தனை வரிசை என்று கேட்டவர், யாரிடம் கேட்டு எடுத்தாய் என்று ஏன் கேட்கவில்லை? முன்பு வேறொரு கல்லூரி மாணவி எங்களுக்கு நாலு வரி மின்னஞ்சல் எழுதினார். எழுதியவர்களிடம் கேட்டு, சம்மதித்தவர்களின் கருத்துகளை மட்டும், பெயரும் ஊரும் எடுத்துவிட்டு, வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையோடு நாங்களே கோப்பாக்கிக் கொடுத்தோம். தொகுப்பு சிறியதுதான். புராஜெக்ட் நின்றுவிடவில்லை. அனுமதி கேட்டால் தமிழில் ஆய்வே நடக்காது என்று எனக்குப் பாடம் எடுக்க வந்தவர்களே, தமிழ் உரை வேண்டுமென்றால் விக்கிப்பீடியா தன் முழுத்தரவையும் பதிவிறக்க வசதியாகத் தானே `dumps.wikimedia.org` தளத்தில் வைத்திருக்கிறது. அங்கே போகாமல் நோயாளிகளின் அழுகைக்குள்தான் கை விட வேண்டுமா?

நான் தொழில்நுட்பத்துக்கு எதிரி என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்தத் தளத்தின் நிரலை எழுதியவனே நான்தான், ஐயா.

மாணவர் தம் கோப்பை நீக்கிவிட்டார், மன்னிப்பும் கேட்டார். அதனால் விஷயம் முடிந்தது என்கிறார்கள். அதற்குள் அதை ஃபோர்க் செய்து தங்கள் கணக்கில் நகலெடுத்துக்கொண்டவர்களின் பக்கங்களில் அந்த அம்மாவின் பெயர் இன்றும் இருக்கிறது. அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: தன் மகளின் மாமியார் வீட்டார் தேடினால் கிடைக்குமா என்று. கிடைக்கும் என்றுதான் சொல்ல முடிந்தது. இனி, "மாணவன்தானே, விட்டுவிடுங்கள்" என்று எழுத வருகிறவர்கள், அந்த நகல்களை எடுத்தவர்களிடம் பேசி நீக்க வைத்துவிட்டு வந்து எழுதுங்கள். இணைப்புகளை உள்பெட்டியில் தருகிறேன்.