கர்ணன் தானம்: சினிமா கட்டிய கதை இல்லை

“கர்ணன் சாகும்போது கண்ணன் வந்து புண்ணியத்தை யாசிப்பது 1964 ‘கர்ணன்’ படத்துக்காகக் கட்டிவிட்ட கதை. மூலத்தில் கிடையாது” என்று சிலர் சொல்வதுண்டு.

பாதிதான் சரிங்க. வியாசரில் இல்லை. அங்கே புதைந்த தேர்ச்சக்கரத்தைத் தூக்கப்போனவன் தலையை அர்ஜுனன் அம்பு அறுத்துவிடுகிறது. தானம் கொடுக்க ஏது நேரம்? ஆனால் வில்லிபாரதத்தில், பதினேழாம் போர்ச் சருக்கத்தில், கண்ணன் அந்தணனாக வருகிறான். கர்ணன் தன் குருதியையே நீராக வார்த்துப் புண்ணியம் முழுவதையும் தருகிறான். பதிலுக்குக் கேட்ட வரம், இனிப் பிறந்தாலும் இரப்போர்க்கு இல்லை என்று சொல்லாத இதயம். (சிவாஜி அழவைத்ததற்கு அடித்தளம் வில்லிபுத்தூரார்தான்.)

இந்தக் காட்சியைத் தெருக்கூத்தில் பார்த்ததாகச் சொல்பவர்களுக்கும் இதுவே பதில். படத்தைக் குறைசொல்ல வேறு இடம் உண்டு: வியாசரின் கர்ணன் சபையில் திரௌபதியை வேசி என்றவன், சினிமாவின் கொடைவள்ளலுக்குள் அவனைக் காண முடியாது.