ஐபோன் படத்தை ஜேபெக் ஆக்கினால் உண்மையில் போவது எது?

"ஐபோன் படத்தை ஜேபெக் ஆக்கினால் 10 பிட் நிறம் 8 பிட்டாகச் சுருங்கிவிடும்" என்று பலர் எழுதுவதைப் பார்க்கிறேன். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. ஒரு நிறத்தை எத்தனை படிகளாகப் பிரித்து எழுதலாம் என்பதுதான் இந்தப் பிட் கணக்கு. ஐபோன் படங்களைச் சேமிக்கும் ஹெயிக் கோப்பு 10 பிட்டைத் தாங்கும், அது உண்மைதான். ஆனால் ஐபோன் சாதாரணமாக எடுத்து வைக்கும் ஹெயிக் படம் 8 பிட். ஜேபெக்கும் 8 பிட். இல்லாத ஒன்றை இழக்க முடியாது.

நம்ப முடியாவிட்டால், படக் கோப்புக்குள் இருக்கும் தகவல்களைக் காட்டும் exiftool என்ற மென்பொருளைக் கணினியில் நிறுவி, இதை ஓட்டிப் பாருங்கள்:

```
exiftool -BitDepthLuma -ChromaFormat -ProfileDescription IMG_2047.HEIC
```

பெரும்பாலும் 8, 4:2:0, Display P3 என்று மூன்று விடைகள் வரும். நடுவில் உள்ள 4:2:0 என்றால், வெளிச்சம் ஒவ்வொரு பிக்சலுக்கும் தனியாகவும், நிறம் நான்கு பிக்சலுக்கு ஒன்றாகவும் பதிவாகியிருக்கிறது என்று அர்த்தம். 4032 x 3024 படத்தில் நிறம் மட்டும் 2016 x 1512 அளவில்தான் இருக்கும். வழக்கமான ஜேபெக்கும் இதைத்தான் செய்கிறது. ஆக இந்த இரண்டிலும் பெரிய நஷ்டம் கிடையாது. தரத்தை 90க்கு மேல் வைத்து ஒரே ஒரு முறை மாற்றினால், நுண்ணிய இழை விவரத்தில் வரும் குறையைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தாலும் கண்டுபிடிப்பது கஷ்டம். கோப்பு மட்டும் கனமாகும்.

கவலைப்பட வேண்டியது மூன்றாவது விடையைப் பற்றி. Display P3 என்பது இணையத்தில் வழக்கமாக ஓடும் எஸ்ஆர்ஜிபியை விட அகலமான நிறவெளி. படத்தில் இருக்கும் எண்களை எந்த நிறவெளியில் வைத்துப் படிக்க வேண்டும் என்று சொல்லும் சின்னத் தகவல்தான் நிற ப்ரொஃபைல். இலவசமாக மாற்றித் தரும் சில தளங்கள், கோப்பின் எடையைக் குறைக்கிறேன் என்று அதைக் கழற்றிவிடுகின்றன. ஒரு கல்யாணப் படத்தில் அரக்குச் சிவப்புப் பட்டுப்புடவை செங்கல் நிறமாக வந்ததைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

கணக்கு எளிது. எஸ்ஆர்ஜிபியில் 255, 0, 0 என்று இருக்கும் முழுச் சிவப்பு, P3 கோப்பில் 234, 51, 35 என்று எழுதப்படும். ப்ரொஃபைல் இருந்தால் இரண்டும் ஒரே சிவப்பு. அது போய்விட்டால் அந்த 234, 51, 35ஐ எஸ்ஆர்ஜிபி எண்ணாகவே திரை படிக்கும். பச்சையும் நீலமும் கலந்து சிவப்பு வெளிறிப்போகும். நல்ல வேளையாக எண்கள் மாறவில்லை என்பதால், Display P3 ப்ரொஃபைலைத் திரும்ப ஒட்டினாலே நிறம் வந்துவிடும்.

எஸ்ஆர்ஜிபிக்கு முறையாக மாற்றும்போது வரும் இழப்பு வேறு மாதிரி. அரளிப்பூ மாதிரி அடர்ந்த சிவப்பில் எஸ்ஆர்ஜிபிக்கு அடங்காத பகுதிகள் எல்லாம் 255லேயே முட்டி நின்றுவிடும். இதழின் மடிப்புகளைக் காட்டிய சின்னச் சின்ன வித்தியாசங்கள் ஒரே சிவப்பாகத் தட்டையாகும். இது திரும்ப வராது. பிரிண்ட் கடையில் எஸ்ஆர்ஜிபி கேட்டால் அதற்காகத் தனிப் பிரதி எடுத்துக் கொடுங்கள். அசலில் கை வைக்க வேண்டாம்.

அப்புறம், கெய்ன் மேப். இதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை என்பதுதான் என் பெரிய ஆதங்கம். சமீப கால ஐபோன்கள் பிரதான படத்தோடு இன்னொரு சின்னக் கறுப்பு வெள்ளைப் படத்தையும் அதே கோப்புக்குள் வைக்கின்றன. எந்த இடத்தை எவ்வளவு கூடுதலாக ஒளிரச் செய்ய வேண்டும் என்று திரைக்குச் சொல்வது அதுதான். குத்துவிளக்கின் சுடரும் ஜன்னல் வெளிச்சமும் ஃபோனில் பளிச்சென்று தெரிவது அதனால்தான். மாற்றும் மென்பொருள்கள் பல பிரதான படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இதை விட்டுவிடுகின்றன. "மாற்றியதும் படம் டல்லாகிவிட்டது" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் பார்ப்பது இதைத்தான், பிட் குறைவை அல்ல. சோதிக்க, ஜேபெக்கை அதே ஃபோனுக்கு அனுப்பி அசலோடு மாற்றி மாற்றித் திறந்து பாருங்கள். சுடர் மட்டும் மங்கி, மற்ற இடங்கள் அப்படியே இருந்தால் கெய்ன் மேப் போய்விட்டது. புடவை, பூ, தோல் என்று எல்லா நிறமும் வெளிறியிருந்தால் ப்ரொஃபைல் போய்விட்டது.

எங்கே ஜேபெக் அவசியம் என்று முன்பே தெரியுமோ, அங்கே ஃபோனின் Settings > Camera > Formats பகுதியில் Most Compatible என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு எடுப்பதே மேல். ஃபோனே நேரடியாக ஜேபெக் எழுதும். இடையில் ஒரு தளமும் தேவையில்லை.

10 பிட் பயம் நியாயமாகும் இடம் ஒன்று உண்டு. கேனான் ஆர்5 போன்ற கேமராக்கள் எச்டிஆர் முறையில் எழுதும், ஹெயிக்கைப் போன்ற ஹெயிஃப் படங்கள் நிஜமாகவே 10 பிட். ஒரு நிறத்துக்கு 1024 படிகள் இருந்தது ஜேபெக்கில் 256 ஆகிறது. அந்தி வானத்தை அதன்பின் எடிட் செய்து கான்ட்ராஸ்ட்டை இழுத்தால் பட்டை பட்டையாகக் கோடு விழும். அந்தப் படங்களை முதலில் 16 பிட் டிஃப் ஆக்கி, எடிட் வேலையை முடித்துவிட்டு, கடைசியில் ஜேபெக் எடுங்கள்.