எல்லாருடைய வெள்ளிக்கிழமையும் ஒன்றல்ல

லண்டனில் வேலை பார்க்கும் நண்பர் போன வாரம் கேட்டார்: "என் குழுவில் ஒரு யூதர், ஒரு முஸ்லிம். ரெண்டு பேருக்கும் வெள்ளிதானே ஓய்வுநாள்? டிசம்பரில் மதியம் 3 மணிக்கு வெள்ளிக்கிழமைக் கூட்டம் போடலாமா?" எந்த மதமானாலும் வாரத்தில் ஒரு நாள் லீவு, கோயிலுக்குப் போவார்கள், சாப்பிட்டுத் தூங்குவார்கள் என்பதுதான் நம்மில் பலருடைய கணக்கு. அது எனக்கு ஒப்புதல் இல்லை.

முதலில் யூதர்கள். அவர்களின் ஓய்வுநாளான ஷப்பாத் சனிக்கிழமைதான், ஆனால் அது வெள்ளி சாயங்காலமே பிறந்துவிடும். பொழுது சாய்வதற்குச் சுமார் 18 நிமிடம் முன்பே வீட்டில் மெழுகுவர்த்தி ஏற்றிவிடுவது பரவலான வழக்கம். பெரும்பாலும் வீட்டுப் பெண்தான் ஏற்றுவார். வழக்கமாக ஆசி என்ற சிறு பிரார்த்தனையைச் சொல்லிவிட்டுத்தான் மதச் சடங்கைச் செய்வார்கள். இங்கே மட்டும் வரிசை மாறுகிறது. ஆசி சொன்ன கணமே ஷப்பாத் தொடங்கிவிடும், அதன்பின் தீக்குச்சியைத் தொட முடியாது. அதனால் முதலில் ஏற்றிவிட்டு, கைகளால் கண்ணை மூடிக்கொண்டு ஆசி சொல்கிறார். ஆசிக்குப் பிறகு கையை எடுத்து விளக்கைப் பார்ப்பதால், ஆசி முதலில் வந்ததாகவே கணக்கு.

அன்று எதைச் செய்யக்கூடாது என்பதில்தான் சுவாரஸ்யம். மிஷ்னா என்ற பழைய சட்டத் தொகுப்பு 39 வகை வேலைகளைச் சொல்கிறது. அதன் சொற்களில் "நாற்பதுக்கு ஒன்று குறைவு". விதைப்பது, சமைப்பது, எழுதுவது, தீ மூட்டுவது, அணைப்பது என்று பட்டியல் போகிறது. உடம்பு களைக்கிறதா என்பது அளவுகோல் இல்லை. வீட்டுக்குள் கனமான நாற்காலியை நகர்த்துவது இந்தப் பட்டியலில் வராது, ஒரு தீக்குச்சி உரசுவது வரும். எதையாவது உண்டாக்கும், மாற்றும் செயலைத்தான் நிறுத்தி வைக்கிறார்கள்.

அதனால் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் வீட்டில் வெள்ளிக்கிழமைதான் பரபரப்பான நாள். சனி மதியச் சாப்பாடு வெள்ளியன்றே வெந்து, மூடிவைத்த சூடுதட்டின் மேல் இரவு முழுக்க இருக்கும். எந்த விளக்கு எப்போது அணைய வேண்டும் என்று டைமரில் முன்பே வைத்துவிடுவார்கள். கழிப்பறைக் காகிதத்தைக்கூட முன்கூட்டியே கிழித்து வைப்பதுண்டு, கிழிப்பதும் பட்டியலில் இருக்கிறது! ஃபிரிட்ஜின் உள்விளக்கைக் கழற்ற மறந்துவிட்டால் வம்பு. கதவைத் திறந்தாலே விளக்கு எரியும் என்பதால், உள்ளே இருக்கும் சாப்பாடு இருந்தும் இல்லாததுதான். எல்லா யூதர்களும் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதில்லை, சனிக்கிழமை கார் ஓட்டுபவர்களும் உண்டு. உயிருக்கு ஆபத்து என்றால் கண்டிப்பானவர்களும் போனை எடுத்தே ஆக வேண்டும், சட்டமே அப்படித்தான் சொல்கிறது. என் பார்வையில் ஒரு குறை: அந்த வெள்ளிக்கிழமைப் பாரம் பல வீடுகளில் பெண்கள் தலையில்தான் விழுகிறது. மறுநாள் ஓய்வை முந்தின நாளே உழைத்துச் சம்பாதிப்பது அவர்கள்தான்.

முஸ்லிம்களின் வெள்ளிக்கிழமை ஜும்ஆ இதற்கு நேர் எதிர். அது ஓய்வுநாளே அல்ல, ஒரு தொழுகை நேரம். பாங்கு கேட்டதும் வியாபாரத்தை விட்டு வாருங்கள், தொழுகை முடிந்ததும் பரவிச் சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடுங்கள் என்றுதான் குர்ஆனின் 62ஆம் அத்தியாயம் சொல்கிறது. தொழுகையை நடத்தும் இமாம் இரண்டு பகுதியாகக் குத்பா என்ற பிரசங்கம் நிகழ்த்துவார். பிறகு லுஹர் என்ற நண்பகல் தொழுகையின் நான்கு ரக்அத்துக்கு, அதாவது நான்கு சுற்றுக்குப் பதிலாக, எல்லாரும் கூட்டாக இரண்டு தொழுவார்கள். ஆண்களுக்குத்தான் கட்டாயம்; பெண்கள் பள்ளிவாசலுக்குப் போகலாம், வீட்டில் இருந்தால் வழக்கமான லுஹர் தொழுவார்கள். ஐக்கிய அரபு அமீரகம் 2022 ஜனவரியில் அரசு வார விடுமுறையை சனி, ஞாயிறுக்கு மாற்றி வெள்ளியை அரைநாள் வேலைநாள் ஆக்கியது. மத விதியில் தடை இல்லாததால்தான் அது முடிந்தது.

ஞாயிறு இரண்டுக்கும் நடுவில். இயேசு உயிர்த்தெழுந்த நாள் என்று கிறிஸ்தவர்கள் முதலில் கூடினார்கள், சட்டப்படியான ஓய்வு பிறகுதான் சேர்ந்தது. கி.பி. 321இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் நீதிபதிகளும் நகரவாசிகளும் ஞாயிறு வேலையை நிறுத்த வேண்டும் என்று ஆணையிட்டார். விவசாயிகளுக்கு மட்டும் விலக்கு, விதைக்கும் பருவம் தவறிவிடுமே! சனிக்கிழமையையே பிடித்துக்கொண்ட ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுகளும் கிறிஸ்தவர்கள்தான்.

சரி, நண்பரின் கூட்டத்துக்கு வருவோம். டிசம்பர் நடுவில் லண்டனில் சூரியன் 3:50ஐ ஒட்டி மறைந்துவிடும். 3:30 போல விளக்கேற்ற வேண்டியவர், 3 மணிக்குக் கூட்டத்தில் உட்கார்ந்தால் வீடு போய்ச் சேர முடியாது. அதே 3 மணி முஸ்லிம் நண்பருக்குத் தடையில்லை, ஜும்ஆ முடிந்திருக்கும். 12:30க்கு மாற்றினால் அவருக்குச் சிக்கல், யூதருக்கும் கடைசி நேர ஓட்டம். ஜூனில் சூரியன் இரவு 9 மணிக்கு மேல்தான் மறையும், அப்போது 3 மணி யாருக்கும் பிரச்சினை இல்லை. நண்பர் காலை 10 மணிக்கு வைத்துவிட்டார்.