அந்த அஞ்சலி கார்டைப் பத்தி கடைசியா ஒண்ணு சொல்லிடறேன்

நம்ம டீச்சர் இறந்ததுக்கு நீங்க போட்ட கார்டுல இருந்த தப்புகளைச் சொல்லி நேத்து நான் போட்ட கமெண்ட்டுக்கு "துக்கத்துலயும் தப்பு கண்டுபிடிக்கணுமா"ன்னு கேட்டிருந்தாங்க. படிச்சதுல இருந்து மனசு சரியில்ல. இறந்தவங்க எனக்கும் டீச்சர்தான், எனக்கும்தான் துக்கம். அதனாலதான் சொன்னேன். ஒருத்தரோட வாழ்க்கைக் குறிப்பை வெளியே விடறதுக்கு முன்னாடி தேதி, பதவி, பேரு இந்த மூணையும் காகிதத்தோட வச்சுப் பாத்துட்டு விடுங்க, இவ்வளவுதான் நான் சொன்னது.

கார்டுல பிறப்பு 1951னு இருக்கு, எம்.ஏ. முடிச்சது 1970ன்னு இருக்கு. கழிச்சுப் பாருங்க, பத்தொன்பது வயசு. அந்த வயசுல எம்.ஏ. முடிக்கறது ரொம்ப அபூர்வம். அங்கேயே சந்தேகம் வந்திருக்கணும். அவங்க பள்ளி இறுதிச் சான்றிதழ்ல 1949ன்னு இருக்கு, கணக்கு சரியா உக்காருது. அப்புறம் முதல் தொகுப்பு 1994ன்னு போட்டிருக்கீங்க. அது இரண்டாம் பதிப்பு வந்த வருஷம். அட்டையைத் திருப்பி உள்ள பதிப்பு விவரம் இருக்கற பக்கத்தைப் பாத்தா "முதல் பதிப்பு 1987"னு மேலேயே அச்சடிச்சிருக்கு. அந்த ஏழு வருஷம் சின்ன விஷயம் இல்ல, நாளைக்கு யாராவது ஆய்வு பண்ணும்போது, இவங்களுக்குப் பின்னாடி எழுத வந்தவங்களைப் பாத்து இவங்க எழுதினாங்கன்னு ஆயிடும்.

முனைவர் பட்டம் 1982ன்னு இருக்கறதும் அப்படித்தான். அது ஆய்வேட்டு முகப்புல இருக்கற வருஷம், அதாவது சமர்ப்பிச்ச வருஷம். அதுக்கப்புறம் மதிப்பீட்டாளர்கள் படிக்கணும், வாய்மொழித் தேர்வு நடக்கணும், அதுக்கப்புறம்தான் பட்டம். பட்டச் சான்றிதழ்ல 1984. எதைப் போட்டாலும் போடுங்க, ஆனா "சமர்ப்பித்தது" "பெற்றது"ன்னு சரியான சொல்லோட போடுங்க.

"நாலு இடத்துல அப்படித்தான் இருக்கு"ன்னு ஒரு பதில். அந்த நாலும் ஒண்ணைப் பாத்து ஒண்ணு எடுத்ததுதான், 'பெற்றார்'னு எழுதாம 'பெற்றர்'னு ஒரு எழுத்து விட்ட பிழை கூட நாலுலயும் அப்படியே இருக்கு. அது நாலு சாட்சி இல்ல, ஒரே சாட்சி. நினைவுக் கேடயம், அழைப்பிதழ் எல்லாமும் ஆதாரமாகாது, அதுவும் யாரோ கேட்டு எழுதினதுதானே.

பதவியையும் காகிதத்தோட வச்சுப் பாக்கச் சொன்னேனே, அந்த விஷயத்துல எனக்கு ஏன் இவ்வளவு வலிக்குதுன்னா, எங்க அத்தைக்கு இது நடந்திருக்கு. அவங்க கடைசி வருஷம் பொறுப்புத் தலைமை ஆசிரியரா இருந்தாங்க. பாராட்டு விழா மலர்ல அன்பாத்தான் "தலைமை ஆசிரியர்"னு போட்டுட்டாங்க. கூட வேலை பாத்த ஒருத்தர், இவங்களே அப்படிச் சொல்லிக்கிட்டாங்கன்னு நாலு பேர்கிட்ட பேசினார். அத்தை அந்த மலரை யாருக்குமே காட்டல. நியமன ஆணையை ஒரு தடவை கேட்டிருந்தா "பொறுப்பு"ங்கற அந்த ஒரு சொல் வந்திருக்கும். பெருமைப்படுத்தறேன்னு பதவியை ஏத்தி எழுதறவங்களுக்கு ஒண்ணும் ஆகறதில்ல, பேச்சு வாங்கறது அந்த மனுஷங்கதான்.

ராமானுஜனுக்கே பாருங்க, 1916ல கேம்பிரிட்ஜ் குடுத்தது ஆய்வு வழி பி.ஏ. பட்டம். அந்த மாதிரி பட்டத்துக்குப் பிஎச்.டி.ங்கற பேரு பின்னாடி வந்தது. நேரா "1916ல பிஎச்.டி. வாங்கினார்"னு எழுதறவங்க இன்னும் இருக்காங்க. உள்ளதை உள்ளபடி எழுதினா அவர் என்ன குறைஞ்சா போயிடுவார்?

"இதுக்கெல்லாம் நேரம் இல்ல, உடனே போடணும்"னு சொல்றீங்க. சரி, அவசரம் புரியுது. அப்போ தெரியாத வருஷத்தை விட்டுடுங்க, "எண்பதுகளில்"னு எழுதுங்க, யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. இருக்கற ஒவ்வொரு எண்ணுக்கும் பதவிக்கும் கீழ ஒரு கோடு போட்டு, எந்தக் காகிதத்துல பாத்தோம்னு பக்கத்துல குறிச்சுக்கிட்டே வந்தா, குறிப்பு இல்லாம நிக்கறது எதுன்னு தானே தெரிஞ்சிடும். ஒரு கார்டுக்கு அரை மணி நேரம் கூட ஆகாது. காகிதமே ரெண்டு விதமா சொல்ற கேஸும் உண்டு, சான்றிதழ்ல ஒரு பிறந்த தேதி, வீட்டுல சொல்றது ஒரு தேதின்னு. அப்போ குடும்பத்தைக் கேட்டு, சான்றிதழ்படின்னு சொல்லிப் போடலாம்.

பேரையாவது சரியா எழுதியிருக்கலாம். ளகரத்தை லகரமாக்கி, முன்னெழுத்தையும் விட்டிருக்கீங்க. அவங்க புத்தகத்து முகப்புல எப்படிப் போட்டுக்கிட்டாங்களோ அதுதான் அவங்க பேரு. முன்னெழுத்து அவங்க அம்மாவோடது, அதை எவ்வளவு பேர்கிட்ட விளக்கி வச்சுக்கிட்டாங்கன்னு கூடப் படிச்ச எல்லாருக்கும் தெரியும். அதைத் தூக்கிட்டீங்களே.

"பதிவை எடிட் பண்ணிட்டோம், விடுங்க"ன்னு முடிச்சுட்டாங்க. பதிவை எடிட் பண்ணலாம், படத்தை எப்படிப் பண்றது? கார்டு வாட்ஸப்ல போயிடுச்சு. இன்னைக்குக் காலைல அவங்க பொண்ணுக்கே மூணு பேர் அனுப்பியிருக்காங்க, சான்றிதழ் எல்லாம் அவகிட்டதான் இருக்கு. உங்கள்ல ஒருத்தர் கூட அவளுக்கு போன் பண்ணல.