அழித்தது திரும்பி வராது தம்பி

அந்தக் கல்யாண பிளெக்ஸ் விஷயத்தில் எனக்கு ஏன் அவ்வளவு கோபம் என்று மூன்று நாளாகக் கேட்கிறீர்கள். சரி, எழுதிவிடுகிறேன்.

எனக்கு வந்த போட்டோஷாப் பைலில் மணப்பெண்ணைச் சுற்றி இருந்ததையெல்லாம் எரேசரால் அழித்திருந்தார்கள். அடர்சிவப்புப் பின்னணியில் குறை எதுவும் தெரியவில்லை. பெண்வீட்டார் சந்தன நிறம் கேட்டார்கள். மாற்றியதும் ஜடையோரம் முழுக்கக் கறுப்புக் கோடு. படம் எடுத்த இடத்தில் இருந்த கறுப்புத் திரையின் மிச்சம் அது. காதோர முடி மொண்ணையாக வெட்டுப்பட்டிருந்தது, மல்லிகைச் சரத்தில் பாதியைக் காணோம். ஒரிஜினல் போட்டோ கேட்டேன். "அதுமேலயே சேவ் பண்ணிட்டேண்ணா" என்றார் அதை வெட்டி அனுப்பிய தம்பி.

எரேசருக்குப் பதில் மாஸ்க் போட்டிருந்தால் ஐந்து நிமிட வேலை. லேயருக்கு மாஸ்க் சேர்த்துக் கறுப்பு பிரஷ் ஓட்டினால் அந்த இடம் மறையும், அழியாது. X தட்டி நிறத்தை மாற்றி வெள்ளை ஓட்டினால் மல்லிகை அப்படியே திரும்பி வரும். முடியோரத்துக்கு மட்டும் பிரஷ்ஷின் ஒபாசிட்டியை 20 சதவீதம் அளவுக்குக் குறைத்து மெல்ல ஓட்ட வேண்டும். ஒன்றை மட்டும் கவனிக்கணும்: லேயர் பேனலில் சின்ன மாஸ்க் கட்டத்தைச் சுற்றிக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கறுப்பு போட்டோ மேலேயே விழும்.

Ctrl+Z இருக்கே என்பீர்கள். ஹிஸ்டரியில் வழக்கமாக நிற்பது 50 படிகள்தான், ஒவ்வொரு பிரஷ் இழுப்பும் ஒரு படி. ஒரு ஜடையைச் சுற்றி வருவதற்குள் அது தீர்ந்துவிடும். பைலை மூடினால் மிச்சமும் போச்சு. ஒரிஜினலை டூப்ளிகேட் எடுத்து வைத்தால் போதாதா? படம் பிழைக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் ஓரம் வெட்டிய உழைப்பு? முதலிலிருந்து மறுபடி வெட்டணும். மாஸ்க் போட்டால் சிஸ்டம் ஸ்லோவாகும் என்பதையெல்லாம் நான் ஏற்கவே மாட்டேன். மாஸ்க் என்பது வெறும் கறுப்பு வெள்ளைப் படம்.

நானும் ஒருகாலத்தில் அழித்தவன்தான். கிருஷ்ணகிரியில் வேலை பழகும்போது ஒரு தாத்தாவின் பழைய போட்டோவில் பின்னணியோடு துண்டின் ஓரத்தையும் அழித்து சேவ் செய்துவிட்டேன். போட்டோவை வீட்டார் வாங்கிப் போய்விட்டார்கள். பென்னாகரம் தாண்டி அவர்கள் ஊருக்கே பஸ் ஏறிப் போய், சட்டத்திலிருந்து கழற்றி வாங்கி வந்து மறுபடி ஸ்கேன் எடுத்தேன். அன்றையிலிருந்து எரேசரைத் தொட்டதில்லை.

இதைத்தான் தம்பியிடம் சொன்னேன். "அதுக்கெல்லாம் எங்களுக்கு நேரமில்லண்ணா" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அவருக்கு இல்லாத நேரம் என் ராத்திரியில்தான் போனது. வேறொரு படத்திலிருந்து மல்லிகையை எடுத்து, பூப்பூவாக ஒட்டி முடிக்க ஒரு மணி ஆனது. காலையில் பிளெக்ஸைப் பார்த்த பெண்ணின் அம்மா, "பூ நாங்க வச்சது மாதிரி இல்லையே தம்பி" என்றார். என்ன பதில் சொல்வது?